தேர்வுக்கு முந்தைய மாலையின் எட்டு நிமிடங்கள்: பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

மன்னார்குடியில் வங்கி எழுத்தர் தேர்வுக்குக் கணக்கும் ரீசனிங்கும் சொல்லித்தரும் எனக்கு, முதல்நிலைத் தேர்வுக்கு முந்தைய மாலையில் என்ன பேசுவது என்பது நெடுங்காலம் பிடிபடாமலேயே இருந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். ஒருமுறை, போகிற போக்கில் இருக்கட்டும் என்று, கூட்டு வட்டிக்கு ஒரு குறுக்குவழியையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மறுநாள் தேர்வறையில் அந்தக் குறுக்குவழியைப் பாதி நினைவில் வைத்துக்கொண்டு முயன்று மூன்று நிமிடங்களைத் தொலைத்துவிட்டதாக ஒரு மாணவர் வந்து சொன்னார். அவருக்குப் பழைய முறையே நன்றாக வரும். நான்தான் அதைக் கலைத்தேன். அந்த நாள் முதல் கடைசி மாலையில் நான் எதையும் கற்பிப்பதில்லை.

கற்பிக்கக் கூடாது என்றால் பேச்சு எதற்கு என்ற கேள்வி எழும். 20 நிமிடக் கடிகாரம் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது மாணவரால் நிதானமாக எடுக்க முடியாத சில முடிவுகள் இருக்கின்றன. எந்தக் கேள்வியை விடுவது, எப்போது ஊகத்தில் விடை குறிப்பது, ஒரு பகுதி சரியாகப் போகாவிட்டால் அடுத்த பகுதிக்குள் எப்படி நுழைவது என்னும் இம்மூன்றையும் முந்தைய மாலையிலேயே எடுத்து முடித்துவிட வேண்டும். பேச்சு அதற்காகத்தான். அதனால் எட்டு நிமிடம் போதும்; ஆனால் அந்த எட்டு நிமிடத்துக்கு ஆசிரியர் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து தயார்செய்ய வேண்டியிருக்கிறது.

தேர்வின் அமைப்பை முதலில் நினைவில் கொள்வோம். எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விகள், 60 நிமிடங்கள். ஆங்கிலத்தில் 30, எண்கணிதத்தில் 35, ரீசனிங்கில் 35. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே 20 நிமிடங்கள். ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு 0.25 கழிவு, குறிக்காமல் விட்டால் கழிவு இல்லை. எண்கணிதத்தில் ஒரு கேள்விக்குச் சராசரியாகக் கிடைப்பது 34 நொடிதான். இனிச் சொல்லப்போகும் எல்லாம் இந்த 34 நொடியிலிருந்து பிறப்பவை.

பிற்பகலில்: ஆளுக்கொரு சீட்டு

வகுப்பு முழுமைக்கும் பொதுவாக «நாளை எண்பது கேள்வி போட்டுவிடுங்கள்» என்று சொல்வதைப் போலத் தீங்கான பேச்சு வேறில்லை. எண்பது போடக்கூடியவருக்கு அது தேவையற்றது; அறுபது போடக்கூடியவரை அது கண்ணை மூடிக்கொண்டு விடை குறிக்க வைக்கும். எனவே பிற்பகலில் நான் ஒவ்வொருவருடைய கடைசி ஐந்து மாதிரித் தேர்வுகளையும் எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் அவர் உண்மையாகப் போட்டுப் பார்த்து விடை குறித்த கேள்விகளின் எண்ணிக்கையை எழுதுகிறேன். ஊகத்தில் குறித்தவை கணக்கில் வராது. அந்த ஐந்து எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்கிறேன். எண்கணிதத்தில் ஒருவருக்கு 19, 22, 22, 24, 27 என்று வந்திருந்தால் அவருடைய எண் 22. மிக உயர்ந்த 27-ஐ எழுதிக்கொடுக்க ஆசையாக இருக்கும். அதைக் கொடுத்தால், பதினைந்தாவது நிமிடத்தில் 18-இல் நிற்கும் மாணவர் தாம் பின்தங்கிவிட்டதாக எண்ணிப் பதறுவார். 22-ஐக் கொடுத்தால் அதே 18-இல் அமைதியாக இருப்பார்.

இதற்கு மாணவரின் தேர்வுத் தாளையே திறந்து பார்க்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது. வடுவூரிலிருந்து வரும் ஒரு மாணவியின் கடைசி மாதிரித் தேர்வை எடுத்துக்கொள்கிறேன். எண்கணிதத்தில் 30 கேள்விகளுக்கு விடை குறித்திருந்தார். 19 சரி, 11 தவறு. 19-இலிருந்து 2.75 கழிந்து 16.25 கிடைத்தது. அதே தேர்வில் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் 24 கேள்விகள்தாம் போட்டிருந்தார். 21 சரி, 3 தவறு, 20.25. வெளியே வந்ததும் இருவரும் எத்தனை போட்டோம் என்று பேசிக்கொண்டபோது வடுவூர் மாணவிதான் மகிழ்ச்சியாக இருந்தார்.

அந்த 11 தவறுகளையும் அவரும் நானுமாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ரஃப் ஷீட்டில் எந்தெந்தக் கேள்விக்கு வேலை செய்த தடம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்தோம். தடம் இருந்த 22 கேள்விகளில் 18 சரி, 4 தவறு; அதாவது 17 மதிப்பெண். தடமே இல்லாத 8 கேள்விகள் கடைசி மூன்று நிமிடத்தில் குறித்தவை. அவற்றில் 1 சரி, 7 தவறு. 1-இலிருந்து 1.75 போனால் முக்கால் மதிப்பெண் இழப்பு. முக்கால்தானே என்று தோன்றும். கட்-ஆஃப் தசமப்புள்ளியில் வெளியாகும் தேர்வில் முக்கால் என்பது சிறியதல்ல என்பது ஒருபுறமிருக்க, அந்த மூன்று நிமிடத்தில் நேராகப் போடக்கூடிய இரண்டு சுருக்குதல் கணக்குகள் அவர் பார்க்காமலேயே 31-ஆவது, 33-ஆவது இடங்களில் கிடந்தன. உண்மையான இழப்பு அதுதான். அவருடைய சீட்டில் எண்கணிதத்துக்கு 22 என்று எழுதினேன். அதன் கீழே, «35 வரை ஒருமுறை பார்» என்று மட்டும் சேர்த்தேன்.

இந்த எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு. அதை மாணவரிடமும் சொல்லிவிட வேண்டும். வினாத்தாள் எளிதாக வந்தால் 22-இல் நிற்கக் கூடாது. கை போகிற வரை போட வேண்டும். கடினமாக வந்தால் 17 கூடப் போதுமானதாக இருக்கலாம், ஏனென்றால் அந்த அமர்வில் எழுதும் எல்லோருக்கும் அதே கடினம்தான். பல அமர்வுகளாக நடக்கும் இத்தேர்வில் அமர்வுகளுக்கிடையிலான வேறுபாட்டை ஈடுகட்ட மதிப்பெண்கள் சமப்படுத்தப்படுகின்றன. ஆகவே சீட்டிலுள்ள எண் எட்ட வேண்டிய இலக்கும் இல்லை, தாண்டக் கூடாத எல்லையும் இல்லை. அந்த எண்ணுக்கு மேல் ஊகம் தொடங்குகிறதா என்று தன்னைத்தானே பார்த்துக்கொள்வதற்கான ஓர் அடையாளக்கல் அது.

ஊகத்தின் கணக்கு

மாணவர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. கழிவு மதிப்பெண் இருப்பதால் ஊகமே கூடாது என்பது ஒன்று. மீதமுள்ள எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தைக் குறித்துவிட்டால் எப்படியும் லாபம் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதை வார்த்தையால் சொன்னால் ஏறாது. ஐந்து விடைகள் கொடுக்கப்படும் தேர்வு என்பதால் கணக்கு சுத்தமாக வருகிறது. அதைக் கரும்பலகையில் நான்கே வரியில் காட்டலாம்.

ஒன்றுமே தெரியாமல் 20 கேள்விகளுக்குக் குறித்தால் சராசரியாக 4 சரியாகும், 16 தவறாகும்; பதினாறு கால் என்பது 4, ஆக மிச்சம் சுழி. ஒரு விடையை மட்டும் உறுதியாக நீக்க முடிந்தால் 16 கேள்விகளில் 4 சரி, 12 தவறு, மிச்சம் 1. இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் 12 கேள்விகளில் 4 சரி, 8 தவறு, மிச்சம் 2. மூன்றை நீக்கி இரண்டுக்கு நடுவே நின்றால் 8 கேள்விகளில் 4 சரி, 4 தவறு, மிச்சம் 3.

பதினாறு கேள்விகளைப் படித்து, கேள்விக்கு ஒரு விடையாக நீக்கிக் கிடைப்பது ஒரே ஒரு மதிப்பெண் என்று கண்ணால் பார்த்ததும் வகுப்பு தானாகவே ஒரு விதிக்கு வந்துசேரும்: இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் குறி, முடியாவிட்டால் நகர். இதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும், ஏனென்றால் மேற்கண்ட கணக்கு தவறான விடைகளெல்லாம் தற்செயலாக வைக்கப்பட்டவை என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அப்படி வைப்பதில்லை. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன என்று கேட்டால், விடை 48. ஆனால் 50 என்பதும் கொடுக்கப்பட்ட விடைகளில் கண்டிப்பாக உட்கார்ந்திருக்கும். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு மனத்தில் தோன்றுவதைக் குறிப்பவர் கண்ணை மூடிக் குறிப்பவரைவிட மோசமான நிலையில் இருக்கிறார். அவருக்காகவே அந்த 50 வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அரைகுறையாகப் போட்ட கணக்கில் மனம் போகும் விடை, நீக்கிப் பெற்ற விடை ஆகாது.

நம் மாவட்டத்து வகுப்புகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வங்கித் தேர்வு எழுதும் அதே பிள்ளைகள்தாம் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வையும் எழுதுகிறார்கள். அங்கே தவறான விடைக்குக் கழிவு இல்லை. அதனால் ஒரு கேள்வியைக்கூட விடாமல் குறித்துவிட்டு வருவதே அறிவுடைமை. அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருக்கும். சென்ற மாதம் குரூப் 4 எழுதிய மாணவர்கள் யார் யார் என்று பார்த்துவைத்துக்கொண்டு, ஊகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர்களைப் பார்த்தபடியே பேசுவது நல்லது.

திரை செய்யும் குழப்பம்

மாதிரித் தேர்வுச் செயலிகள் பலவற்றில் விடையைத் தொட்டவுடனே அது பதிவாகிவிடும். உண்மைத் தேர்வில் `Save & Next` பொத்தானை அழுத்தினால்தான் பதிவாகும். விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தாமல், வலப்பக்கமுள்ள எண்களில் ஒன்றைத் தொட்டு வேறு கேள்விக்குத் தாவினால் அந்த விடை போய்விடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதில் மாட்டுகிறார்கள். அவர்கள்தாம் வேகமாகத் தாவுகிறவர்கள். கண்டுபிடிப்பது எளிது: போட்டு முடித்த கேள்வியின் எண் பச்சையாக மாறியிருக்க வேண்டும். `Mark for Review & Next` என்பதை விடை குறித்த பிறகு அழுத்தினால் அந்த விடையும் மதிப்பீட்டில் சேரும்; எனவே சந்தேகமான கேள்வியில் எதையோ குறித்து வைத்துவிட்டு, பிறகு வரலாம் என்று போய், திரும்பாமலேயே நேரம் முடிந்தால் அது ஓர் ஊக விடையாகிவிடுகிறது. வேண்டாம் என்றால் `Clear Response` கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இவ்வளவுதான்; பேச்சில் இதற்கு அரை நிமிடம் போதும்.

எதைப் பேசாமல் விடுவது

அப்பா குறுவை அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவைத்து மழைக்குப் பயந்து இரவெல்லாம் காத்துக் கிடக்கிறார், அவருக்காகவாவது நாளை வெல்ல வேண்டும் என்ற வகைப் பேச்சு நம் பக்கத்தில் எளிதில் வரும். வகுப்பில் பாதிப் பேருக்கு அது உண்மையும்கூட. நானும் பேசியிருக்கிறேன்; நான்கைந்து பேர் கண் கலங்கினார்கள். பேச்சு நன்றாக அமைந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அதே பிள்ளைகள்தாம் விட வேண்டிய கணக்கை விட முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கணக்கை விடுவது அப்பாவைக் கைவிடுவதுபோல் ஆகிவிட்டால் யாரால் விட முடியும்?

சென்ற ஆண்டுக் கட்-ஆஃப், காலை அமர்வில் வந்த கேள்விகள், இணையத்தில் உலவும் «குட் அட்டெம்ப்ட்» எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வாயே திறக்காமல் விட்டுவிட வேண்டும். யாரேனும் கேட்டால், உங்கள் சீட்டில் உங்கள் எண் இருக்கிறது என்பதே பதில். தூக்கம், உணவு பற்றிய அறிவுரையையும் நான் விட்டுவிடுகிறேன். எட்டு மணி நேரம் தூங்கு என்று சொன்னால், தூக்கம் வராத பிள்ளை தூங்கவில்லையே என்று வேறு கவலைப்படும்.

மருதாணி விஷயத்தைக் கடைசி மாலையில் எடுக்கக் கூடாது. விரல்ரேகைப் பதிவு இருப்பதால் விரலில் மையோ மருதாணியோ இருக்கக் கூடாது என்பது தேர்வுக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்களில் அக்கா கல்யாணம், சித்தி மகள் கல்யாணம் என்று வைத்துக்கொண்டு வருவார்கள். பத்து நாளுக்கு முன்பே சொன்னால் அது அறிவுரை. முந்தைய மாலையில் சொன்னால் வெறும் பயமுறுத்தல். சிவந்த விரலோடு யாராவது வந்திருந்தால் தனியே அழைத்து, விரல் நுனியை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு சற்று முன்னதாகவே போய்ச்சேரச் சொல்லுங்கள்.

பேச்சின் வரிசை

கேட்பவர் கடைசியாகக் கேட்டதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார். மறுநாள் அவர் முதலில் செய்யப்போவது பேருந்து ஏறுவது. ஆகவே தேர்வறைச் செய்திகளை முதலிலும், பயணத்தையும் காகிதங்களையும் இறுதியிலும் வைக்கிறேன். பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே சீட்டுகளைக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு முழுவதும் சீட்டில் என்ன இருக்குமோ என்றே உட்கார்ந்திருப்பார்கள். கொடுத்து, ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, பிறகு தொடங்குங்கள். கரும்பலகையில் ஊகத்தின் நான்கு வரிகளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

சென்ற ஆண்டு நான் பேசியதை, நினைவிலிருந்து, ஏறத்தாழ அப்படியே தருகிறேன்.

«எல்லோரும் சீட்டைப் பார்த்துவிட்டீர்கள். அதிலுள்ள எண்கள் நான் விரும்புகிற எண்கள் அல்ல, நீங்களே ஐந்து முறை போட்டுக் காட்டிய எண்கள். நாளைக்கு அதைவிடக் கூடுதலாக வந்தால் போடுங்கள், குறைவாக வந்தால் உங்களுக்கு மட்டும் குறைவாக வரவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரின் சீட்டை வாங்கிப் பார்க்காதீர்கள்.

«எந்தப் பகுதியானாலும் இரண்டு சுற்று. முதல் சுற்றில், பார்த்ததும் வழி தெரிகிற கணக்கை மட்டும் போடுங்கள். வழி தெரியவில்லை என்பதை எப்படி அறிவது? ரஃப் ஷீட்டில் இரண்டு வரி எழுதிய பிறகும் மூன்றாவது வரி என்ன என்று தெரியாவிட்டால் அது இரண்டாம் சுற்றுக் கணக்கு. விட்டுவிட்டு நகருங்கள். கடிகாரம் பின்னோக்கி ஓடும். அது ஆறு நிமிடம் என்று காட்டும்போது கடைசிக் கேள்வி வரை ஒருமுறையாவது பார்த்து முடித்திருக்க வேண்டும். அந்த ஆறு நிமிடம் இரண்டாம் சுற்றுக்கு. ரீசனிங்கில் ஐந்து கேள்விக்குச் சேர்ந்து வரும் பஸில் இருக்கிறதே, அது நான்கு நிமிடத்தில் உட்காராவிட்டால் எழுந்துவிடுங்கள். அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடாதீர்கள்.

«ஊகத்துக்கு விதி பலகையில் இருக்கிறது. இரண்டை நீக்கினால் குறி. இல்லாவிட்டால் நகர். போன மாதம் குரூப் 4 எழுதியவர்கள் இன்னொரு முறை பலகையைப் பாருங்கள். அது வேறு தேர்வு, இது வேறு தேர்வு.

«விடையைத் தொட்டால் மட்டும் போதாது. `Save & Next` அழுத்த வேண்டும். எண் பச்சையாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தாவுங்கள்.

«ஒரு பகுதி மோசமாகப் போய்விட்டது என்று வையுங்கள். நம் ஊரில் முறைத் தண்ணீர் விடுகிறார்கள். உன் முறை முடிந்தால் மதகு இறங்கிவிடும். உன் வயல் நிரம்பியதோ இல்லையோ, அடுத்த முறைக்கு அந்த ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. 20 நிமிடம் முடிந்ததும் திரை தானாகவே அடுத்த பகுதிக்குப் போகும். போன பகுதி எப்படிப் போனது என்று உங்களுக்கு அப்போது தெரியாது; உங்களுக்குத் தெரிவது எப்படித் தோன்றியது என்பது மட்டும்தான். மாதிரித் தேர்வில் சொதப்பிவிட்டேன் சார் என்று நீங்கள் சொன்ன பகுதிகளில் பாதிக்கு மேல் உங்கள் எண்ணைத் தொட்டிருக்கிறீர்கள், நான் எடுத்துப் பார்த்துவிட்டேன். அதோடு, ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்-ஆஃப் உண்டு. ஆகவே ஒன்று போனதென்று இன்னொன்றை விட முடியாது.

«கேள்வியைத் தமிழில் பார்ப்பதா ஆங்கிலத்தில் பார்ப்பதா என்பதை இன்று இரவே முடிவுசெய்யுங்கள். எதில் பழகினீர்களோ அதுதான். தமிழ்ச் சொல் புரியாவிட்டால் ஆங்கிலத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் ஆங்கிலம்தான் செல்லும்.

«இப்போது பையை எடுத்து மேசைமேல் வையுங்கள். அழைப்புக் கடிதம், அதில் புகைப்படம் ஒட்டியிருக்கிறதா? அசல் அடையாள அட்டை, அதன் நகல். ரேஷன் கார்டும் எல்.எல்.ஆரும் செல்லாது. அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பேனா. ராஜகோபாலசுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், அழைப்புக் கடிதத்தை மட்டும் அர்ச்சனைத் தட்டில் வைக்காதீர்கள். போன முறை ஒரு புகைப்படம் முழுக்கக் குங்குமம்.

«முதல் அமர்வுக்காரர்கள் கடிதத்தில் போட்டிருக்கிற நேரத்தைப் பாருங்கள். எட்டு மணி என்றால் ஐந்தேகாலுக்கு நிலையத்தில் இருங்கள். வடுவூர் வழிப் பேருந்தில் ஏறுங்கள். நீடாமங்கலம் வழியில் போனால் ரயில்வே கேட் போட்டிருந்தால் நான் பொறுப்பல்ல. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி வல்லம் பக்கம் போக இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். தேர்வு மையம் வாசலிலிருந்து உள்ளே நடக்கவே பத்து நிமிடம் ஆகும். அவ்வளவுதான். புறப்படுங்கள்.»

பேசி முடித்த பிறகு

பெயரை அடுத்தவரிடம் படிக்கக் கொடுப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அதுதான் இந்தப் பேச்சிலேயே மிகவும் பயன்படும் பகுதி என்பது என் கணிப்பு. தம் பெயரைத் தாமே படிக்கும்போது கண் பிழையைப் பார்ப்பதில்லை. தலைப்பெழுத்து முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், அப்பா பெயர் முழுதாக ஓரிடத்தில் என்று நம்மவர்களின் ஆவணங்கள் இருக்கும் நிலையில், ஏதேனும் ஒன்று ஒவ்வாமல் இருப்பது மாலை ஆறு மணிக்குத் தெரிந்தால் வீட்டிலிருக்கும் வேறொரு அட்டையை எடுத்துவர நேரம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வாசலில் தெரிந்தால் இல்லை. அதனால் எட்டு நிமிடப் பேச்சுக்குப் பிறகு சரிபார்ப்புக்கு இருபது நிமிடத்தை ஒதுக்கி, ஒருவர் அட்டையும் விடுபடாமல் பாருங்கள்.

அதன்பின் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். பெரும்பாலும் கேட்பது ஒரு கணக்கு: சார், இந்தப் படகு–நீரோட்டக் கணக்கு மட்டும். இதற்கு நான் தரும் பதில், அது நாளை இரண்டாம் சுற்றுக் கணக்கு, நாளை மறுநாள் வா, போட்டுத் தருகிறேன் என்பதே. மனத்துக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு கணக்கைப் போட்டுக்கொடுத்தால் பின்னால் நிற்பவர், இதுகூட எனக்குத் தெரியாதே என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவார்.

உண்மையாகப் பயந்துபோயிருக்கும் மாணவரை எப்படி அறிவது என்றால், அவர் கேள்வி கேட்கமாட்டார். சீட்டை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குச் செய்திருப்பார். அவரிடம் தைரியம் சொல்வதில் பயனில்லை என்பது என் அனுபவம். அவருடைய பழைய ரஃப் ஷீட்டுகளில் நன்றாகப் போன ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, இதில் முதல் சுற்று எங்கே முடிந்தது என்று கோடு போட்டுக் காட்டு என்று கேளுங்கள். அவரே போட்ட கணக்கு, அவரே விட்ட கேள்வி, அவரே திரும்பி வந்த இடம். வடுவூர் மாணவிக்கு அன்று நான் செய்தது இதைத்தான். அவர் கோட்டைப் பதினான்காவது நிமிடத்தில் போட்டார். அதற்குக் கீழே ஆறு கணக்குகள் இருந்தன, ஐந்து சரி.

கடைசியாக ஒரு வேலை பாக்கியிருக்கிறது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் மட்டுமே செய்தி அனுப்பும்படி அன்று இரவே மாற்றிவிடுங்கள். காலை அமர்வு முடித்தவர்கள் வெளியே வந்ததும், என்ன வந்தது என்று எழுதத் துடிப்பார்கள். பிற்பகல் அமர்வுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருப்பவர்கள் அதைப் படித்துக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு வரப்போவது வேறு வினாத்தாள். கடைசி அமர்வு முடிந்து, கடைசி மாணவர் பேருந்து ஏறிவிட்டேன் என்று தனியே தகவல் சொன்ன பிறகு குழுவைத் திறந்துவிடலாம்.